n! உள்ள எல்லைக் கணக்கில் விடை தப்பினால் எங்கே பார்ப்பது: n-ஆம் படிமூலம், விகிதம், சாண்ட்விச் தேற்றம்

இங்கே வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கணக்கை மாதிரியாக வைத்துக்கொள்வோம். n முடிவிலியை நோக்கிப் போகும்போது

```
(n!)^(1/n) / n
```

எங்கே போய் நிற்கிறது? சரியான விடை 1/e, அதாவது ஏறத்தாழ 0.3679. ஆனால் விடைத்தாள்களில் 1, 0, 1/2 என்று மூன்று விடைகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் நடந்த தவறைக் காட்டிக்கொடுக்கும். அதனால் உங்களுக்கு வந்த விடை எது என்று முதலில் பாருங்கள்; பிழை எங்கே என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: விடை 1 என்று வருகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

முதல் காரணம், "n-ஆம் படிமூலம் போட்டால் எதுவும் 1 ஆகிவிடும்" என்ற நினைப்பு. இது c^(1/n) என்பதற்கும் n^(1/n) என்பதற்கும் உண்மை. 1000-இன் ஆயிரமாவது படிமூலம் 1.0069 மட்டுமே. n^5 என்று போட்டாலும் எல்லை 1-தான், ஏனென்றால் அது n^(1/n)-ஐ ஐந்து முறை பெருக்கியது. இங்கே எல்லாம் காரணிகளின் எண்ணிக்கை மாறாமல் நிற்கிறது. n!-இல் அப்படி இல்லை. n வளர வளரக் காரணிகளின் எண்ணிக்கையும் வளர்கிறது. அவற்றில் பாதிக்குக் குறையாதவை n/2 அல்லது அதற்கு மேல் இருக்கும். எனவே

```
n! ≥ (n/2)^(n/2)
(n!)^(1/n) ≥ √(n/2)
```

வலப்பக்கம் முடிவிலிக்குப் போகிறது, ஆகவே (n!)^(1/n)-உம் முடிவிலிக்குப் போகிறது. சோதிக்க வேண்டுமானால் n = 4-இல் 2.21, n = 10-இல் 4.53 என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1-ஐ நோக்கி இறங்குகிற எண்கள் இல்லை இவை.

இரண்டாவது காரணம், விகிதத்தைத் தவறான தொடர்முறைக்கு எடுப்பது. b(n) = (n!)^(1/n)/n என்று வைத்துக்கொண்டு b(n+1)/b(n)-ஐக் கண்டுபிடித்தால் அது 1-க்குப் போகும். அதைப் பார்த்து "எல்லை 1" என்று எழுதிவிடுகிறார்கள். பூச்சியமல்லாத எல்லைக்கு ஒருங்கும் எந்தத் தொடர்முறையிலும் அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் 1-க்குத்தான் போகும். எல்லை 7 ஆக இருந்தாலும் அப்படித்தான். அந்த 1 எல்லையைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

நமக்கு உதவும் விதி வேறு. a(n) > 0 என்று இருந்து, a(n+1)/a(n) → L என்றால், a(n)^(1/n) → L. கோஷி 1821-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். விகிதம் எடுக்க வேண்டியது படிமூலத்துக்குள்ளே இருக்கும் a(n)-க்கு. ஆகவே முதல் வேலை, வெளியே நிற்கும் எல்லாவற்றையும் படிமூலத்துக்குள் தள்ளுவது. கீழே இருக்கும் n உள்ளே போகும்போது n^n ஆகும்:

```
(n!)^(1/n) / n = (n!/n^n)^(1/n)
a(n) = n!/n^n
a(n+1)/a(n) = [(n+1)!/n!] · [n^n/(n+1)^(n+1)]
            = (n+1) · n^n/(n+1)^(n+1)
            = (n/(n+1))^n
```

இதன் எல்லை 1/e. விடை முடிந்தது.

மூன்றாவது காரணம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, n/(n+1) → 1, ஆகவே (n/(n+1))^n → 1 என்று முடித்துவிடுவது. அடிமானத்துக்கு முதலில் எல்லை எடுத்துவிட்டு, அடுக்கை அப்படியே விட்டுவைக்க முடியாது. இரண்டிலும் இருப்பது ஒரே n. தலைகீழாக எழுதினால் இது 1/(1+1/n)^n என்பது கண்ணுக்குத் தெரியும். n = 1-இல் 0.5, n = 10-இல் 0.3855. இறங்கிக்கொண்டே வரும் தொடர்முறை 0.5-ஐயும் தாண்டிக் கீழே வந்துவிட்டது, அது 1-க்குத் திரும்பிப் போக வழியில்லை.

அறிகுறி: விடை 0 என்று வருகிறது

"n!/n^n பூச்சியத்துக்குப் போகிறது, பூச்சியத்தின் படிமூலம் பூச்சியம்" என்று எழுதியிருப்பீர்கள். முதல் பாதி சரி. n!/n^n-ஐ (1/n)(2/n)…(n/n) என்று விரித்தால் முதல் காரணி 1/n, மற்றவை 1-ஐத் தாண்டாதவை. ஆகவே 0 < n!/n^n ≤ 1/n, சாண்ட்விச் தேற்றப்படி எல்லை 0. தப்பு இரண்டாம் பாதியில். படிமூலத்தின் வரிசை நிலையாக இருந்தால், அதாவது கனமூலம் மட்டும் எடுத்தால், அந்த வாதம் செல்லும். n-ஆம் படிமூலத்தில் செல்லாது. (1/2)^n பூச்சியத்துக்குப் போகிறது, அதன் n-ஆம் படிமூலம் எப்போதும் 1/2. 1/n பூச்சியத்துக்குப் போகிறது, அதன் n-ஆம் படிமூலம் 1-க்குப் போகிறது. உள்ளே இருப்பது பூச்சியத்துக்குப் போகிறது என்ற தகவல் போதாது. எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

அறிகுறி: இரண்டு பக்கமும் வரம்பு போட்டாயிற்று, ஆனால் நடுவில் இடைவெளி விழுகிறது

சாண்ட்விச் தேற்றத்தை நேராகப் போட முயல்பவர்கள் வழக்கமாக நிற்கும் இடம் இது. கீழே n! ≥ (n/2)^(n/2) என்று எடுத்தால், படிமூலம் எடுத்து n-ஆல் வகுத்த பிறகு 1/√(2n) கிடைக்கும். அது 0-க்குப் போகிறது. மேலே கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்ற சமனின்மையை 1, 2, …, n-க்குப் போட்டால்

```
(n!)^(1/n) ≤ (n+1)/2
```

n-ஆல் வகுத்தால் 1/2-க்குப் போகிறது. ஆக, எல்லை ஒன்று இருந்தால் அது 0-க்கும் 1/2-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே தெரிந்தது. இங்கே பலர் 1/2 என்று எழுதிவிடுவார்கள், அது கண்ணுக்கு அழகாக இருப்பதால். சாண்ட்விச் தேற்றத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே எல்லை வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பூச்சியத்துக்குப் போகும் நேர்எண் தொடர்முறைகளில் கீழ்ப்பக்கம் தானாகவே 0 என்று கிடைத்துவிடுவதால் மேல்பக்கம் மட்டும் போதும் என்ற பழக்கம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு வரம்புகளும் ஏன் போதவில்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் நல்ல வரம்பை எப்படித் தேடுவது என்பதும் அதிலிருந்தே வருகிறது. n-ஆம் படிமூலம் n, n², 1000n^7 போன்ற பெருக்கற்காரணிகளை எல்லாம் விழுங்கிவிடும். அவற்றின் n-ஆம் படிமூலம் 1-க்குப் போவதால் எல்லையில் தடமே இருக்காது. ஆனால் c^n என்ற காரணி அப்படியே c ஆக வெளியே வரும். எனவே உங்கள் வரம்பு n!-இலிருந்து n மடங்கோ n² மடங்கோ விலகி இருந்தால் கவலை இல்லை. 1.2^n மடங்கு விலகினால்கூடக் கதை முடிந்தது. ((n+1)/2)^n என்ற மேல்வரம்பு n!-ஐவிட ஏறத்தாழ (e/2)^n வேகத்தில் பெரிதாகிக்கொண்டே போகிறது. e/2 என்பது 1.359. 1/2 என்பது 1/e-ஐப் போல அந்த 1.359 மடங்கு.

ஆக நமக்குத் தேவை, n^n/e^n என்ற சரியான வளர்ச்சியைப் பிடித்துவிட்டு, மீதியில் n-இன் அடுக்கு அளவுக்கு மட்டும் தளர்ந்திருக்கும் வரம்பு. அது எல்லோருக்கும் தெரிந்த ஒரு சமனின்மையிலிருந்தே வருகிறது:

```
(1 + 1/k)^k < e < (1 + 1/k)^(k+1)
```

இதை k = 1, 2, …, n−1 என்று போட்டு எல்லாவற்றையும் பெருக்குங்கள். இடப்பக்கம் (2/1)^1 · (3/2)^2 · (4/3)^3 · … · (n/(n−1))^(n−1). ஒவ்வொரு எண்ணும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் வருகிறது. 3-ஐ எடுத்துக்கொண்டால் மேலே 3², கீழே 3³, மீதம் 1/3. இப்படியே எல்லா எண்களும் கீழே ஒரே ஒரு முறை மிஞ்சும், n மட்டும் மேலே n−1 முறை நிற்கும். ஆகவே பெருக்கற்பலன் n^(n−1)/(n−1)!, அதாவது n^n/n!. n = 3-க்குச் சரிபார்க்க: 2 × 2.25 = 4.5, 27/6 = 4.5. வலப்பக்கத்தில் ஒவ்வொரு காரணியிலும் (1+1/k) ஒன்று கூடுதலாக இருக்கிறது. அவை அனைத்தின் பெருக்கற்பலன் n. எனவே n ≥ 2-க்கு

```
n^n/n! < e^(n−1) < n · n^n/n!
```

n!-ஐத் தனியாக எடுத்தால்

```
e·(n/e)^n < n! < n·e·(n/e)^n
```

மேல்வரம்பு கீழ்வரம்பைவிடச் சரியாக n மடங்கு. n = 10-இல் கீழே 12,34,098; நடுவில் 10! = 36,28,800; மேலே 1,23,40,980. வரம்பு என்று பார்த்தால் இது தாராளமான வரம்புதான். ஆனால் பத்தாவது படிமூலம் எடுத்து 10-ஆல் வகுத்தால் 0.407, 0.453, 0.512 என்று ஆகிவிடுகிறது. n = 100-இல் அதே மூன்றும் 0.372, 0.380, 0.389. பொதுவாக

```
e^(1/n) · (1/e) < (n!)^(1/n)/n < (n·e)^(1/n) · (1/e)
```

இரண்டு பக்கமும் 1/e-க்குப் போகின்றன. n^(1/n) → 1 என்பதையும் நிரூபிக்கச் சொன்னால், n^(1/n) = 1 + h என்று வைத்து ஈருறுப்பு விரிவில் மூன்றாவது உறுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: n = (1+h)^n ≥ n(n−1)h²/2, ஆகவே 0 ≤ h ≤ √(2/(n−1)). இரண்டாவது உறுப்பை எடுத்தால் n ≥ nh, அதாவது h ≤ 1 என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. அங்கேயும் சிலர் மாட்டிக்கொள்வதுண்டு.

ஸ்டர்லிங் வாய்பாட்டை, அதாவது n! ≈ √(2πn)(n/e)^n என்பதை, நேராகப் போட்டால் ஒரே வரியில் முடியுமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் இந்தக் கணக்குக்கு √(2πn) தேவையே இல்லை, படிமூலம் அதை விழுங்கிவிடுகிறது. மேலே பெருக்கிக் கிடைத்த வரம்பே போதும். அதை நிரூபிக்க அரைப் பக்கம்தான்.

அறிகுறி: விகிதம் 1 என்று வந்து, மேலே நகர முடியவில்லை

இப்போது மாதிரிக் கணக்கை மாற்றுவோம்:

```
p(n) = (1·3·5·…·(2n−1)) / (2·4·6·…·(2n)) = (2n)! / (4^n · (n!)²)
```

p(n+1)/p(n) = (2n+1)/(2n+2), எல்லை 1. விகிதத்தின் எல்லை 1-க்குக் கீழே இருந்தால் தொடர்முறை 0-க்குப் போகும், மேலே இருந்தால் முடிவிலிக்குப் போகும். சரியாக 1 என்றால் விகிதம் வாய்மூடிவிடும். இங்கே இரண்டு வகையான தவறு நடக்கிறது. ஒன்று, "விகிதம் 1, ஆகவே எல்லை 1." இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது: "ஒவ்வொரு n-க்கும் விகிதம் 1-க்குக் குறைவு, ஆகவே எல்லை 0." இரண்டாவதில் விடை தற்செயலாகச் சரி, காரணம் தவறு. (n+1)/(2n) என்ற தொடர்முறையிலும் விகிதம் எப்போதும் 1-க்குக் குறைவுதான், ஆனால் அது 1/2-க்குப் போகிறது. விகிதம் எப்போதும் 1-க்குக் குறைவு என்பதிலிருந்து, தொடர்முறை இறங்குகிறது, கீழே 0 தடுக்கிறது, ஆகவே எல்லை ஒன்று இருக்கிறது என்பது மட்டும் கிடைக்கும். அந்த எல்லை எவ்வளவு என்பது கிடைக்காது.

சாண்ட்விச் இங்கே கைகொடுக்கும். p(n)-இல் உள்ள ஒவ்வொரு பின்னத்தையும் ஒரு படி தள்ளி இன்னொரு பெருக்கற்பலன் எழுதுங்கள்:

```
p(n) = (1/2)(3/4)(5/6)…((2n−1)/(2n))
q(n) = (2/3)(4/5)(6/7)…((2n)/(2n+1))
```

1/2 < 2/3, 3/4 < 4/5 என்று ஒவ்வொரு காரணியிலும் q பெரியது. ஆகவே p(n) < q(n). இரண்டையும் பெருக்கினால் எல்லாம் அடிபட்டு 1/(2n+1) மட்டும் மிஞ்சுகிறது. எனவே p(n)² < p(n)·q(n) = 1/(2n+1), அதாவது

```
0 < p(n) < 1/√(2n+1)
```

எல்லை 0. n = 10-இல் p = 0.1762, வரம்பு 0.2182. n = 100-இல் 0.0563, வரம்பு 0.0705. பாதையும் தெரிகிறது: 1/√n வேகத்தில்தான் இது இறங்குகிறது. அதனால்தான் விகிதத்துக்கு இது புலப்படவில்லை. c^n வேகத்தில் நடக்கும் மாற்றங்களை மட்டுமே விகிதத்தின் எல்லை பார்க்கும். n-இன் அடுக்கு வேகத்தில் நடப்பவை அதன் கண்ணில் படாது. படிமூலத்துக்கும் இதே குறைதான். அதே p(n)-க்கு n-ஆம் படிமூலம் எடுத்தால் எல்லை 1. 1/(2n) ≤ p(n) < 1 என்பது அதற்குப் போதும். கீழ்வரம்பு எப்படி என்றால், தொகுதியில் உள்ள எண்களை ஒரு இடம் நகர்த்தி (3/2)(5/4)…((2n−1)/(2n−2)) · 1/(2n) என்று சேர்த்துப் பாருங்கள், கடைசிக் காரணி தவிர எல்லாம் 1-க்கு மேல். தொடர்முறையின் எல்லை 0, அதன் n-ஆம் படிமூலத்தின் எல்லை 1. கேள்வியில் படிமூலம் இருக்கிறதா இல்லையா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அறிகுறி: விடையில் e வருகிறது, ஆனால் முன்னால் நிற்கும் எண் ஒத்துவரவில்லை, அல்லது (2n)! வந்ததும் 0 ஆகிவிடுகிறது

இது பெரும்பாலும் காரணியப் பெருக்கத்தைச் சுருக்கும்போது நடக்கும் பிழை. (2n)!-இல் n-க்குப் பதில் n+1 போட்டால் வருவது (2n+2)!, (2n+1)! அல்ல. இரண்டு காரணிகள் கூடுகின்றன. (3n)!-இல் மூன்று. உதாரணமாக ((n+1)(n+2)…(2n))^(1/n)/n:

```
a(n) = (2n)! / (n! · n^n)
a(n+1)/a(n) = (2n+2)(2n+1)/(n+1)² · (n/(n+1))^n  →  4/e
```

4/e ஏறத்தாழ 1.4715. (2n+2) என்ற காரணியை விட்டுவிட்டால் முன்னால் (2n+1)/(n+1)² மிஞ்சி, விடை 0 ஆகிவிடும். அந்த 0 நம்பக்கூடியதா என்று பார்க்க வேறு கணக்கு வேண்டாம்: படிமூலத்துக்குள் இருக்கும் n காரணிகளும் n-ஐவிடப் பெரியவை, ஆகவே விடை 1-க்குக் கீழே போகவே முடியாது.

சுருக்கிய விகிதத்தைச் சோதிக்க மிக எளிய வழி n = 1 போடுவது. a(1) = 2, a(2) = 24/(2·4) = 3; விகிதம் 1.5 வர வேண்டும். சரியான வாய்பாட்டில் (4·3/4) × (1/2) = 1.5. தவறான வாய்பாட்டில் (3/4) × (1/2) = 0.375. கால் நிமிட வேலை, எல்லை எடுப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டியது.

அறிகுறி: விகிதத்துக்கு எல்லையே இல்லை, அல்லது விகிதம் சுருங்க மறுக்கிறது

"விகிதத்துக்கு எல்லை இல்லை, ஆகவே படிமூலத்துக்கும் எல்லை இல்லை" என்று முடிப்பது தவறு. விகிதத்திலிருந்து படிமூலத்துக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. காரணம் நிரூபணத்திலேயே இருக்கிறது. L > 0 என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு N-க்குப் பிறகு எல்லா விகிதங்களும் L−ε-க்கும் L+ε-க்கும் இடையில் இருந்தால், அவற்றைப் பெருக்கி

```
a(N)·(L−ε)^(n−N) < a(n) < a(N)·(L+ε)^(n−N)
```

என்று எழுதலாம். n-ஆம் படிமூலம் எடுத்தால் a(N), (L±ε)^(−N) போன்ற நிலையான காரணிகள் எல்லாம் 1-க்குப் போய்விடும். மிஞ்சுவது L−ε, L+ε. கவனித்தால் இதுவும் சாண்ட்விச்தான். ஆக, படிமூலம் பார்ப்பது விகிதங்களின் சராசரிப் போக்கை. தனித்தனி விகிதங்கள் துள்ளிக்கொண்டே இருந்தாலும் சராசரி அமைதியாக இருக்கலாம்.

n!/n^n-ஐ இரட்டை n-க்கு 2-ஆல் பெருக்கியும் ஒற்றை n-க்கு 2-ஆல் வகுத்தும் எழுதுங்கள். விகிதம் இப்போது ஒருமுறை 4/e-ஐயும் மறுமுறை 1/(4e)-ஐயும் நோக்கிப் போகிறது, எல்லை இல்லை. ஆனால் தொடர்முறை (1/2)·n!/n^n-க்கும் 2·n!/n^n-க்கும் இடையில் இருக்கிறது, 2-உம் 1/2-உம் படிமூலத்தில் கரைந்துவிடும். எல்லை பழையபடி 1/e.

படிமூலத்துக்குள் கூட்டல் இருந்தாலும் இதே வழிதான். (1! + 2! + … + n!)^(1/n)/n-க்கு விகிதம் எடுக்கப் போனால் ஒன்றும் அடிபடாது, பக்கம்தான் நிறையும். மிகப் பெரிய உறுப்பு n!, மொத்தம் n உறுப்புகள்:

```
n! ≤ 1! + 2! + … + n! ≤ n · n!
```

n மடங்கு தளர்வு. அது விழுங்கப்படும். விடை 1/e.

அறிகுறி: விடை 1/e என்று தெரியும், ஆனால் கணினியில் எண் ஒத்துவரவில்லை

இரண்டு பிரச்சினைகள் இருக்கலாம். அடுக்கு 99 வரை மட்டும் காட்டும் கால்குலேட்டரில் 69!-க்கு மேல் பிழைச் செய்தி வரும், ஏனென்றால் 70! 10^100-ஐத் தாண்டுகிறது. எக்செலில் FACT(170) வரை வரும், 171-இல் #NUM! என்று நிற்கும். பைத்தானில் math.factorial(1000) முழு எண்ணாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு 1/1000 அடுக்கு போட்டால் OverflowError. மூன்றுக்கும் ஒரே மாற்று: n!-ஐக் கணக்கிடாமல் அதன் மடக்கையைக் கணக்கிட்டு, n-ஆல் வகுத்து, பிறகு e-இன் அடுக்காகத் திருப்புவது.

```python
from math import lgamma, exp, log
for n in (10, 100, 1000, 10000):
    print(n, exp(lgamma(n + 1)/n - log(n)))
```

எக்செலில் A1-இல் n இருந்தால் `=EXP(GAMMALN(A1+1)/A1-LN(A1))`. lgamma-வுக்குள் n அல்ல, n+1 போக வேண்டும். n போட்டால் (n−1)!-இன் மடக்கை வரும். அந்தத் தவறு பெரிய n-இல் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் வித்தியாசம் n மடங்கு மட்டுமே. n = 1 போட்டுச் சோதித்தாலும் பிடிபடாது, 0!-உம் 1!-உம் 1 என்பதால். n = 2-இல் சோதியுங்கள், 0.7071 வர வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை பிழையே அல்ல, மெதுவான ஒருங்கல். மேலே உள்ள நிரல் தரும் எண்கள் ஏறத்தாழ 0.4529, 0.3799, 0.3695, 0.3681. n = 100-இல் நின்றுவிட்டு "0.38, ஒருவேளை 3/8 ஆக இருக்குமோ" என்று யோசிப்பவர்கள் உண்டு. படிமூலம் விழுங்கிய √(2πn) இங்கேதான் வேலையைக் காட்டுகிறது: உண்மையான மதிப்பு 1/e-ஐவிட ஏறத்தாழ (2πn)^(1/(2n)) மடங்கு பெரியது. n = 100-இல் இந்த மடங்கு 1.0327, n = 1000-இல் 1.0044. கிடைத்த எண்ணை இதனால் வகுத்துப் பாருங்கள்; n = 100-இலேயே 0.3679 வந்துவிடும். வகுத்த பிறகும் வேறு எண் வந்தால்தான் நிரலிலோ விகிதத்திலோ பிழையைத் தேட வேண்டும்.

(2n)!/(n!·n^n)-இன் n-ஆம் படிமூலத்துக்கு இந்தத் தொந்தரவு குறைவு. மேலும் கீழும் உள்ள √(2πn) வகைக் காரணிகள் ஒன்றையொன்று அடித்துவிட்டு √2 மட்டும் மிஞ்சுவதால், n = 10-இலேயே 1.523 வருகிறது; அதை 2^(1/20) = 1.0353-ஆல் வகுத்தால் 1.471.